வண்டியில் பயணி, மீட்டரில் மஞ்சள் லைட்: ட்ரிப்பை முடிப்பதா, பாதியில் இறக்கிவிடுவதா?

ஆப் டாக்சி ஓட்டுகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் இரண்டு பதில்தான் வரும். "மஞ்சள்தானே, சிவப்பு வந்தாத்தான் நிறுத்தணும், ஓட்டு" என்பார்கள் ஒரு பக்கம். "எந்த லைட் வந்தாலும் ஓரம் கட்டிடு, வம்பே வேண்டாம்" என்பார்கள் இன்னொரு பக்கம். முதல் பதிலைக் கேட்டு ஓட்டினால் சில நேரம் சைலன்சர் பக்கம் பல பத்தாயிரம் செலவு வந்து நிற்கும். இரண்டாவதைக் கேட்டால் குழந்தையோடு வரும் குடும்பத்தை, தேவையே இல்லாமல், இருட்டான ரோட்டில் இறக்கிவிட நேரும். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வழி இருக்கிறது: வண்டியைக் கொஞ்சம் இலகுவாக ஓட்டி, அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வது. இந்த மூன்றையும் ஒரே சூழ்நிலையில் வைத்துப் பார்த்தால்தான் எது எப்போது சரி என்று புரியும்.

மஞ்சளில் எரியும் லைட்கள் பல இருக்கின்றன. நான் எடுத்துக்கொள்வது இன்ஜின் படம் போட்ட லைட். காரணம், பயணி உள்ளே இருக்கும்போது அதிகம் குழப்புவது அதுதான். ஒரே லைட் இரண்டு விதமாக எரியும், இரண்டுக்கும் அர்த்தம் வேறு. அசையாமல் எரிந்தால் இன்ஜின் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு கோளாறைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறது, சீக்கிரம் காட்டு என்று சொல்கிறது. விட்டுவிட்டு மின்னினால் ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றவில்லை, அது இந்த நிமிடமே சைலன்சர் லைனில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். மின்னுவதும் எரிவதும் ஒரே நிறம் என்பதால் பலரும் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. முடிவில் பாதி இந்த வித்தியாசத்திலேயே இருக்கிறது.

ஒரு ட்ரிப்பை எடுத்துக்கொள்வோம். சிறுசேரியிலிருந்து விமான நிலையத்துக்கு. பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் ஓடும் செடான், வயது நான்கைந்து வருடம். பின்னால் கணவன், மனைவி, கைக்குழந்தை, முன்னால் பாட்டி, டிக்கியில் சிலிண்டர் போக மிச்ச இடத்தில் ஒரு பெட்டி, மேல் கேரியரில் இரண்டு. ஓஎம்ஆரில் துரைப்பாக்கம் வரை எல்லாம் சரி. பல்லாவரம் ரேடியல் ரோட்டில் திரும்பி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைத் தாண்டி, கீழ்க்கட்டளை மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இரண்டு முறை வெட்டி இழுக்கிறது. மீட்டரைப் பார்த்தால் இன்ஜின் லைட் மின்னுகிறது. விமான நிலையத்துக்கு இன்னும் ஆறேழு கிலோமீட்டர். மேப் கால் மணி நேரம், இருபது நிமிடம் என்கிறது.

மேம்பாலத்தின் மேல் எந்தக் காரணத்துக்கும் நிற்க வேண்டாம். இந்த லைட்டுக்காக அங்கே நிறுத்தினால் பின்னால் வரும் லாரிதான் உண்மையான ஆபத்து. ஆக்சிலரேட்டரை லேசாக விட்டு, கியரைக் குறைத்து, ஏசியை அணைத்து, ஏறி இறங்கிவிட வேண்டும். அந்தச் சில நூறு மீட்டரில் கன்வெர்ட்டருக்குக் கொஞ்சம் சேதம் வந்தால் வரட்டும்.

இறங்கிய பிறகுதான் தேர்வு ஆரம்பிக்கிறது.

முதல் வழி, அப்படியே ஓட்டி முடிப்பது. ஆறு கிலோமீட்டர்தானே என்ற எண்ணம் இயல்பாக வரும். என்ன நடக்கும் என்று பார்ப்போம். ஒரு சிலிண்டரில் தீப்பொறி சரியாக வரவில்லை என்றால் அதற்குள் போன எரிபொருளும் காற்றும் எரியாமல் அப்படியே வெளியே வருகின்றன. வெளியே வந்து கன்வெர்ட்டருக்குள் போய், அங்கே இருக்கும் சூட்டில் பற்றி எரிகின்றன. கன்வெர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு மாதிரி சின்னச் சின்னத் துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. சாதாரணமாகவே அது பல நூறு டிகிரி சூட்டில்தான் வேலை செய்யும். இப்படி உள்ளேயே எரிபொருள் எரிந்தால் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும், பீங்கான் உருக ஆரம்பிக்கும். உருகியது துளைகளை அடைத்தால் புகை வெளியேற வழி இல்லாமல் வண்டி இழுக்கும் சக்தியையே இழந்துவிடும். அதற்குப் பிறகு பிளக் மாற்றினாலும், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் மாற்றினாலும் தீராது, கன்வெர்ட்டரையே மாற்ற வேண்டும். ஒரு காயிலின் விலை சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். கன்வெர்ட்டர் ஒரு மாதச் சம்பாத்தியத்தையே கேட்கும்.

இதில் பயணிக்கு என்ன ஆபத்து? சூடான கன்வெர்ட்டர் இருக்கும் வண்டியைக் காய்ந்த புல்லின் மேலோ குப்பையின் மேலோ நிறுத்தினால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. அதைவிட அடிக்கடி நடக்கக்கூடியது, ஜிஎஸ்டி ரோட்டில் சேரும் இடத்தில் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து வேகமெடுக்க வேண்டிய நொடியில் வண்டி இழுக்காமல் திணறுவது. ரோட்டில் சேருவதும், யூ டர்ன் போடுவதும், பாலம் ஏறுவதும் இன்ஜினை நம்பிச் செய்கிற காரியங்கள். மூன்று சிலிண்டரில் ஓடும் வண்டியை நம்பி அதைச் செய்யக் கூடாது. மின்னிக்கொண்டே இருக்கும்போது இந்த முதல் வழியை நான் ஏற்கவே மாட்டேன், மீதி இரண்டு கிலோமீட்டர் என்றாலும்.

இரண்டாவது வழி, சுமையைக் குறைத்துச் சோதிப்பது. சிஎன்ஜி வண்டிக்காரர்களிடம் இதற்கு ஒரு நல்ல கருவி ஏற்கெனவே டேஷ்போர்டில் இருக்கிறது, பெட்ரோலுக்கு மாற்றும் பட்டன். சிஎன்ஜியைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். அதனால் பிளக்கின் முனை தேய்ந்து இடைவெளி கூடியிருந்தாலோ, காயில் லேசாகப் பலவீனமாகியிருந்தாலோ, முதலில் காட்டிக்கொடுப்பது சிஎன்ஜியில் ஓடும்போதுதான். அதுவும் பாலம் ஏறும்போதும், ஏசி போட்டு முழுச் சுமையோடு இழுக்கும்போதும். அதே வண்டி பெட்ரோலில் ஒழுங்காக ஓடக்கூடும்.

ஆகவே பாலம் இறங்கியதும், வெளிச்சம் இருக்கும் ஒரு பெட்ரோல் பங்கிலோ கடை ஓரத்திலோ நிறுத்தி, பெட்ரோலுக்கு மாற்றி, ஒரு நிமிடம் அப்படியே ஐடிலில் விடுங்கள். ஸ்டியரிங்கில் கை வைத்துப் பாருங்கள். நடுக்கம் நின்று, மின்னுவதும் நின்று லைட் அசையாமல் எரிய ஆரம்பித்தால் கோளாறு சிஎன்ஜி பக்கமோ பிளக், காயில் பலவீனமோ ஆக இருக்கலாம். ஏசி இல்லாமல், கியரைக் கட்டாயப்படுத்தாமல், ஐம்பதுக்குள் வைத்து மீதி தூரத்தை ஓட்டி முடிக்கலாம். பெட்ரோலிலும் நடுங்கிக்கொண்டே மின்னினால் ஒரு காயிலோ பிளக்கோ முழுசாகப் போயிருக்கலாம், அல்லது இன்ஜினுக்குள்ளேயே ஏதோ பிரச்சினையாக இருக்கலாம். இந்த வழி அங்கேயே முடிந்துவிடுகிறது.

இது வேலை செய்ய டேங்கில் பெட்ரோல் இருக்க வேண்டும். சிஎன்ஜி மலிவு என்பதால் பெட்ரோல் முள்ளை அடியிலேயே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். பெட்ரோல் பம்ப் டேங்கில் இருக்கும் பெட்ரோலாலேயே குளிர்கிறது, அடியில் கசடு வேறு இருக்கும். அவசரத்துக்கு மாற்றும்போது அந்தப் பம்ப் கைவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். ஐந்தாறு லிட்டராவது எப்போதும் இருக்கட்டும், வாரத்தில் சில கிலோமீட்டராவது பெட்ரோலில் ஓடட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. லைட் மின்னுவதோடு உள்ளே கேஸ் வாசனையும் வந்தால் சோதனையெல்லாம் வேண்டாம். இன்ஜினை அணைத்து, எல்லாரையும் இறக்கித் தள்ளி நிற்கவைத்து, சிலிண்டர் வால்வை மூடுங்கள். அந்த வாசனை கசிவு தெரிவதற்காகவே சேர்க்கப்படுவது.

மூன்றாவது வழி, ட்ரிப்பை அங்கேயே நிறுத்திப் பயணியை வேறு வண்டிக்கு மாற்றுவது. பெட்ரோலிலும் மின்னுகிறது என்றால் இதுதான் சரி. ஆனால் எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. நம் உதாரணத்தில் லைட் கீழ்க்கட்டளையில் வராமல் சதுப்பு நிலத்தின் நடுவில் வந்திருந்தால்? அங்கே இரவில் கைக்குழந்தையோடும் பாட்டியோடும் இறக்கினால் வண்டிகள் வேகமாகப் போகும் ரோட்டோரம் நிற்க வேண்டும், இருக்கை இல்லை, நிழற்குடை இல்லை, அடுத்த வண்டி வர எவ்வளவு நேரமாகுமோ தெரியாது. அந்த இடத்தில் நான் மெதுவாக, இடது ஓரமாக, ஹசார்ட் போட்டுக்கொண்டு அடுத்த சந்திப்பு வரை கொண்டுபோவேன். கன்வெர்ட்டர் போனால் என் பணம். அவர்களை இருட்டில் நிறுத்தினால் அவர்களுடைய உயிர்.

இதையே நகருக்குள் பாருங்கள். கிண்டியிலோ ஆலந்தூரிலோ மின்ன ஆரம்பித்தால் வேறு டாக்சிகூடத் தேவையில்லை, மெட்ரோ அங்கிருந்தே நேராக விமான நிலையத்துக்குள் போகிறது. இரண்டு பெட்டியோடு தனியாக வரும் இளைஞருக்கு, நெரிசல் நேரத்தில், அது என் வண்டியைவிட வேகமாகவும் இருக்கும். அதே இடத்தில் நடக்கச் சிரமப்படும் பாட்டி இருந்தால் இன்னொரு வண்டிதான். ஒரே கோளாறு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி வந்தால் முடிவு மாறும். பின்சீட்டில் யார் என்பதாலும் மாறும்.

நேரக் கணக்கும் சேர்த்துப் பாருங்கள். கீழ்க்கட்டளையில் நிறுத்திச் சோதிக்க நான்கைந்து நிமிடம். புது வண்டி பிடித்து, வந்து, பெட்டிகளை மாற்ற மாலை நேரத்தில் பதினைந்து, இருபது நிமிடம் பிடிக்கும். அதனால் நான் சொல்வது, சோதனையை ஆரம்பிக்கும்போதே பயணியிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டுக் கடைசியில் சொன்னால் அவர்களுக்கு இருந்த நேரத்தையும் நாம் தின்றுவிடுவோம். நீளமாக விளக்க வேண்டாம்.

"சார், இன்ஜின் லைட் மின்னுது. பயப்படுற மாதிரி இல்ல, ஆனா இப்படியே ஓட்டக் கூடாது. பெட்ரோலுக்கு மாத்திப் பாக்குறேன், ரெண்டு நிமிஷம். சரியாகலன்னா வேற வண்டி போட்டுத் தரேன். உங்களுக்கு எத்தனை மணிக்கு ஃப்ளைட்?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். "ஒன்பதே முக்காலுக்குண்ணா, இன்னும் செக்-இன் பண்ணல" என்று ஏழரைக்குச் சொன்னால் உங்களுக்கு நிதானமாக முடிவெடுக்க இடம் இருக்கிறது. ஒன்பதுக்கே ஃப்ளைட் என்றால் அவர்களை உடனே இன்னொரு ஆப்பில் தேடச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நீங்கள் சோதனையைச் செய்யுங்கள். வண்டி சரியானால் அதை ரத்து செய்துகொள்ளலாம், ரத்துக் கட்டணம் வந்தால் அதை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாற்று வண்டி வரும்வரை ஆப்பில் ட்ரிப்பை முடிக்காதீர்கள், பயணியைத் தனியாக விட்டுவிட்டும் போகாதீர்கள். பெட்டி மாறிய பிறகு முடியுங்கள். நின்ற பிறகு மீட்டர் லைட்டை வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள், மின்னுவது போட்டோவில் தெரியாது. அப்புறம் உதவி மையத்தில் காரணம் கேட்டால் பேச அதுதான் ஆதாரம். சில டிரைவர்கள் பயணியிடம் "ஆப்ப கட் பண்ணிடுங்க, நானே மெதுவா கொண்டுபோய் விட்டுடறேன், காசு கையில குடுங்க" என்று கேட்பார்கள். கோளாறு வண்டியில், ஆப் கணக்குக்கு வெளியே, பயணியை ஏற்றிப் போவது இருவருக்கும் மோசமான ஏற்பாடு. ஆபத்து தரக்கூடிய கோளாறு என்று தெரிந்தும் வண்டியைப் பொது ரோட்டில் ஓட்டுவது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 190வது பிரிவில் குற்றம். அதனால் விபத்து நடந்தால் தண்டனை இன்னும் கூடும்.

லைட் மின்னாமல் அசையாமல் எரிந்தால்? வண்டி எப்போதும் போல இழுக்கிறது, சிக்னலில் நிற்கும்போது நடுக்கம் இல்லை, டெம்பரேச்சர் சரி, வாசனை இல்லை என்றால் ட்ரிப்பை முடியுங்கள். பாதியில் இறக்கிவிட ஒரு நியாயமும் இல்லை. பெரும்பாலும் ஆக்சிஜன் சென்சார் மாதிரி ஏதாவது ஒன்றாக இருக்கும். ஆனால் அடுத்த ட்ரிப்பை எடுக்காதீர்கள். அந்த ட்ரிப் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பயணிக்காக முடித்தது, புதிதாக ஒருவரை ஏற்றுவதற்கு அந்தக் காரணம் செல்லாது.

இன்ஜின் லைட்டுக்குச் சொன்னதை மற்ற மஞ்சள் லைட்டுக்கெல்லாம் அப்படியே பொருத்த முடியாது, இரண்டு மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏபிஎஸ் லைட் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், அழுத்திப் பிடித்தால் சக்கரம் லாக் ஆகலாம் என்பதுதான் மாற்றம்; மழை இல்லையென்றால் இடைவெளி விட்டு ஓட்டி முடிக்கலாம். அதோடு சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிந்தால், ஹேண்ட் பிரேக் இறக்கியிருந்தும், நிறுத்த வேண்டியதுதான்; பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், பின்சக்கரப் பிரேக்கைச் சமப்படுத்தும் ஏற்பாடும் போயிருக்கலாம். இதற்கு நேர் எதிராக, பிஎஸ்6 டீசல் வண்டிகளில் வரும் புகை வடிகட்டி லைட். காஞ்சிபுரம் பக்கம் ட்ரிப் போகும்போது அது வந்தால் நிறுத்தக் கூடாது. வடிகட்டியில் சேர்ந்த கரி எரிய அதற்குச் சீரான வேகமும் சூடும் வேண்டும். ஹைவேயில் பதினைந்து, இருபது நிமிடம் ஒரே வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் தானாக அணையும். அங்கே ஓரம் கட்டி இன்ஜினை அணைப்பதுதான் தப்பு.

சரி, பயணி போய்விட்டார். அப்புறம் பல டிரைவர்கள் செய்வது, பேட்டரி முனையைக் கழற்றி மாட்டி லைட்டை அணைப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். கோளாறு வந்த நொடியில் எந்த வேகம், எவ்வளவு சுமை, இன்ஜின் சூடு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் ஒரு பதிவை எடுத்து வைத்திருக்கும், கழற்றினால் அது அழிந்துவிடும். மெக்கானிக் குத்துமதிப்பாக ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார், பில் நம்முடையது. போனோடு ப்ளூடூத்தில் சேரும் ஸ்கேனர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் மாட்டிப் படியுங்கள், படித்ததை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அழிக்கும் பட்டனைத் தொடாதீர்கள். P0302 என்ற கோளாறு எண் வந்தால் சரியாகப் பற்றாதது இரண்டாவது சிலிண்டர், P0303 என்றால் மூன்றாவது. P0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் மாறி மாறி வருகிறது.

P0302 என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஆறியதும் மெக்கானிக்கிடம் இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டச் சொல்லுங்கள், மூன்றாவதை இரண்டாவதில். இப்போது பயணி இல்லாமல், சிஎன்ஜியில், அதே மாதிரி ஒரு சின்ன மேட்டில் ஏற்றிப் பாருங்கள். கோளாறு P0303க்கு மாறினால் காயில்தான், ஒன்று வாங்கினால் போதும். P0302லேயே நின்றால் அந்தச் சிலிண்டரின் பிளக்கை இதே மாதிரி மாற்றிப் பார்க்கலாம், அதற்கடுத்து இன்ஜெக்டர். மழையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறிய மறுநாள் இது வந்தால், எதையும் வாங்கும் முன் காயில் உட்காரும் குழியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். துடைத்துக் காயவைத்தாலே சரியாகிப் போன வண்டிகள் உண்டு.

இதெல்லாம் செய்யாமலேயே இரண்டு மூன்று நாளில் லைட் தானாக அணைந்துவிடவும் கூடும். கோளாறு தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் திரும்ப வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் லைட்டை அணைத்துவிடும், ஆனால் அந்தக் கோளாறு எண் உள்ளே இன்னும் பல நாள் இருக்கும். ஸ்கேனரை மாட்டினால் தெரியும். பெட்ரோலில் மட்டும் ஓட்டியதால் அணைந்திருந்தால், சிஎன்ஜிக்கு மாற்றி, ஆள் ஏற்றி, பாலம் ஏறும் முதல் தடவையே அது மறுபடி மின்னும். விமான நிலைய ட்ரிப் எடுக்கும் முன் அந்தச் சோதனையைக் காலி வண்டியில், ஏசியை முழுசாகப் போட்டு, நீங்களே செய்துவிடுங்கள்.